எகிப்தின் 365 நாள் ஆண்டும் நகர்ந்துபோன பருவங்களும்

சினாய் தீபகற்பத்தில் செராபித் எல்-காதிம் என்று ஒரு மலைமேடு இருக்கிறது. பழங்கால எகிப்தியர்கள் டர்க்கைஸ் என்னும் நீலப்பச்சைக் கல்லை வெட்டியெடுக்க அங்கே ஆட்களை அனுப்புவார்கள். ஹத்தோர் தெய்வத்துக்கு அங்கே ஒரு கோயிலும் கட்டியிருந்தார்கள். அந்தக் கோயிலில் ஹரூரே என்ற அரசு அதிகாரி நிறுத்திய ஒரு கல்வெட்டு உண்டு. மூன்றாம் அமெனெம்ஹெத் அரசனின் 6ஆம் ஆண்டில், அதாவது இன்றைக்குச் சுமார் 3,800 ஆண்டுகளுக்கு முன்பு, தான் ஆட்களோடு அங்கே வந்து சேர்ந்ததை அவர் அதில் சொல்கிறார். வந்தது ‘பெரெத்’ பருவத்தின் மூன்றாம் மாதம். இந்தச் சுரங்கத்துக்கு வருகிற காலமே இது இல்லை என்கிறார். கோடையில் மலை தோலைச் சுடுகிறது, கல்லின் நிறமும் சரியாக வராது என்று ஆட்கள் சொல்லிவிட்டார்களாம். ஆனாலும் விடாமல் வேலை செய்து, யாருக்கும் இழப்பில்லாமல், நல்ல கல்லோடு திரும்பினேன் என்று பெருமையாக முடிக்கிறார்.

இதில் புதிராக இருப்பது மாதத்தின் பெயர். பெரெத் என்பது எகிப்தில் பயிர் முளைத்து வளரும் பருவம், நம் கணக்கில் ஏறக்குறைய நவம்பர் முதல் பிப்ரவரி வரை. அங்கே அதுதான் குளிர்காலம். குளிர்காலத்தின் மூன்றாம் மாதத்தில் வந்தவர் ஏன் கோடை வெயிலைப் பற்றிச் சொல்கிறார்? கல்வெட்டில் தவறு எதுவும் இல்லை. தேதியும் சரி, வெயிலும் சரி. அவர் பயன்படுத்திய நாட்காட்டிதான் பருவத்தை விட்டு வெகுதூரம் நகர்ந்திருந்தது. அது எப்படி நகர்ந்தது, எந்தப் பக்கம் நகர்ந்தது, தெரிந்தும் ஏன் சரிசெய்யாமல் விட்டார்கள் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில் அந்த நாட்காட்டியின் அமைப்பு. இவ்வளவு எளிமையான ஒன்றை வேறெங்கும் பார்ப்பது கடினம். ஒரு மாதத்துக்கு 30 நாள், எல்லா மாதமும் அப்படியே. ஆண்டுக்கு 12 மாதம், ஆக 360 நாள். கடைசியில் எந்த மாதத்திலும் சேராத ஐந்து நாள். அந்த ஐந்தையும் ஒசிரிஸ், ஹோரஸ், சேத், இசிஸ், நெஃப்திஸ் ஆகிய ஐந்து தெய்வங்களின் பிறந்தநாளாகக் கொண்டாடினார்கள். மொத்தம் 365. அடுத்த ஆண்டும் 365, அதற்கடுத்த ஆண்டும் 365. நெட்டாண்டு என்ற பேச்சே கிடையாது.

இந்த 12 மாதங்களை மூன்று பருவங்களாகப் பிரித்திருந்தார்கள், பருவத்துக்கு நான்கு மாதம். முதல் பருவம் அகெத், நைல் நதியில் வெள்ளம் ஏறி வயல்களை மூடும் காலம். எத்தியோப்பிய மலைகளில் பெய்யும் கோடைமழைதான் அந்த வெள்ளத்துக்குக் காரணம். அந்தக் காலத்தில் ஜூன், ஜூலையில் நீர் ஏறத் தொடங்கி, செப்டம்பரை ஒட்டி உச்சம் தொட்டு, அப்புறம் வடியும். இரண்டாவது பெரெத். வெள்ளம் விட்டுப்போன வண்டலில் விதைத்துப் பயிர் வளர்க்கும் காலம். மூன்றாவது ஷெமு. அறுவடையும், நதி வற்றிக்கிடக்கும் வெயில் காலமும் அதில் வரும். தேதி எழுதும்போது ‘இன்ன அரசனின் இத்தனாம் ஆண்டு, பெரெத் மூன்றாம் மாதம், இத்தனாம் நாள்’ என்று எழுதுவார்கள். ஆக, பருவத்தின் பெயர் தேதிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. நாட்காட்டி நகர்ந்தால் அது நன்றாக வெளியே தெரிவதற்குக் காரணம் இதுதான்.

சரி, ஏன் நகர வேண்டும்? பருவங்கள் ஒரு சுற்று வந்து முடிய 365 நாள் போதாது. அதற்கு மேல் 5 மணி 48 நிமிடம் 46 விநாடி ஆகிறது. தசமத்தில் 365.2422 நாள். கணக்குக்கு எளிதாக இருக்கட்டும் என்று இப்போதைக்கு 365¼ என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆண்டில் கால் நாள் விடுபடுகிறது. நான்கு ஆண்டில் ஒரு முழு நாள்.

நகர்வு எந்தத் திசையில் என்பதில்தான் பெரும்பாலானவர்கள் குழம்புவார்கள், அதனால் இங்கே கொஞ்சம் மெதுவாகப் போகலாம். ஓர் ஆண்டில் அகெத் முதல் மாதம் முதல் நாளன்று சரியாக வெள்ளம் ஏறத் தொடங்கியது என்று கொள்வோம். நாட்காட்டியில் நான்கு ஆண்டு முடிய 4 × 365, அதாவது 1460 நாள் போதும். பருவங்கள் நான்கு சுற்று முடிக்க 1461 நாள் வேண்டும். ஆகவே புத்தாண்டு பிறந்துவிட்டது, ஆனால் வெள்ளத்துக்கு இன்னும் ஒரு நாள் பாக்கி. வெள்ளம் இப்போது அகெத் 2ஆம் நாளில் வருகிறது. இன்னும் நான்கு ஆண்டு போனால் 3ஆம் நாள். நாட்காட்டியைப் பிடித்துக்கொண்டு பார்த்தால் வெள்ளம் பின்னுக்குத் தள்ளிப் போகிறது. வானத்தைப் பிடித்துக்கொண்டு பார்த்தால் புத்தாண்டு நாள் முன்கூட்டியே வந்துவிடுகிறது: ஜூலையில் பிறந்தது ஜூனுக்கு, அப்புறம் மே, அப்புறம் ஏப்ரல். இரண்டும் ஒரே நிகழ்வுதான், நிற்கும் இடம்தான் வேறு.

இந்த வேகத்தில் 120 ஆண்டில் ஒரு மாதம் பிசகும். 480 ஆண்டில் நான்கு மாதம், அதாவது ஒரு முழுப் பருவம். அப்போது நாட்காட்டி பெரெத் என்று சொல்லும் நாட்களில் நதியில் வெள்ளம் ஓடும். 730 ஆண்டில் எல்லாம் நேர் எதிர். 1460 ஆண்டு ஆனதும் சுற்று முழுமையாகி, பெயரும் பருவமும் மறுபடி ஒன்றுசேரும். அந்த இடைவெளியில் நாட்காட்டி 1461 ஆண்டுகளை எண்ணி முடித்திருக்கும். இப்படிப் பருவங்களினூடே சுற்றித் திரிவதால் இதற்கு ‘அலையும் ஆண்டு’ என்று ஒரு பெயரும் உண்டு.

நகர்வை அளக்க எகிப்தியர்களிடம் அருமையான ஓர் அடையாளம் இருந்தது. இரவு வானில் மிகப் பிரகாசமான விண்மீன் சிரியஸ். ஓரியன் குழுவின் நடுவில் வரிசையாக நிற்கும் மூன்று விண்மீன்களைத் தென்கிழக்காக நீட்டிக்கொண்டு போனால் அதைப் பிடித்துவிடலாம். எகிப்தியர்கள் அதை சோப்தெத் என்றார்கள், கிரேக்கர்கள் சோதிஸ் என்றார்கள். ஆண்டுக்கு ஒருமுறை சூரியன் அதன் பக்கமாகக் கடந்துபோகும். அப்போது சுமார் 70 நாள் சிரியஸ் கண்ணுக்குத் தெரியாது. அதன் பிறகு ஒரு நாள் விடியற்காலையில், சூரியன் எழுவதற்குச் சற்று முன், கிழக்கு அடிவானத்தில் சில நிமிடம் மட்டும் எட்டிப்பார்க்கும். அதுதான் அதன் முதல் உதயம். மெம்ஃபிஸ் நகரத்தில், ஆண்டுக்கு 365¼ நாள் வைக்கும் பழைய ஜூலியன் கணக்குப்படி அது ஜூலை 19ஐ ஒட்டி வரும். வெள்ளம் ஏறத் தொடங்கும் காலமும் அதுவே என்பதால், சிரியஸ் உதயத்தைப் புத்தாண்டின் வருகையாகவே அவர்கள் கருதினார்கள்.

இதில் இன்னொரு வசதியும் தற்செயலாக அமைந்தது. ஒரு சிரியஸ் உதயத்திலிருந்து அடுத்த உதயம் வரையான இடைவெளி, அந்தக் காலத்து எகிப்தில் கிட்டத்தட்ட அச்சாக 365¼ நாளாக இருந்தது. ஆகவே சிரியஸ் உதயத்தின் தேதி நாட்காட்டியில் நான்கு ஆண்டுக்கு ஒரு நாள் என்று சீராக நகரும். பருவங்களின் உண்மையான சுற்று 365.2422 நாள் என்பதால், அவற்றோடு ஒப்பிட்டால் முழுச் சுற்றுக்கு 1507 ஆண்டு ஆகும். விண்மீனை வைத்துச் சொல்லும்போது 1460, பருவத்தை வைத்துச் சொல்லும்போது 1507. புத்தகங்களில் இரண்டு எண்ணையும் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

இப்போது ஹரூரேயின் புதிரை நாமே அவிழ்த்துப் பார்க்கலாம். அதற்கு வேண்டிய ஆவணம் எகிப்தில் லாஹுன் என்ற ஊரின் கோயில் பதிவுகளில் கிடைத்திருக்கிறது. பாப்பிரஸில் எழுதிய ஒரு கடிதத்தின் நகல் அது. சோப்தெத்தின் உதயம் பெரெத் நான்காம் மாதம் 16ஆம் நாள் நடக்கும், அதற்கான படையல் ஏற்பாடுகளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கோயில் அர்ச்சகருக்கு முன்கூட்டியே தெரிவிக்கிறார்கள். அது மூன்றாம் செனுஸ்ரெத் அரசனின் 7ஆம் ஆண்டு என்று பொதுவாக ஏற்கப்படுகிறது. ஹரூரேயை அனுப்பிய மூன்றாம் அமெனெம்ஹெத் அவருக்கு அடுத்து வந்த அரசன்.

லாஹுன் கடிதத்திலிருந்து ஹரூரேயின் பயணம் வரை இடைவெளி இருபதிலிருந்து நாற்பது ஆண்டு வரை இருக்கலாம். அந்த இடைவெளியில் நகர்வு அதிகம் போனால் பத்து நாள். அதனால் ஹரூரேயின் காலத்தில் சிரியஸ் உதயம் பெரெத் நான்காம் மாதம் 20 அல்லது 25ஐ ஒட்டி வந்திருக்கும். அவர் குறிப்பிடும் பெரெத் மூன்றாம் மாதம் அதற்கு ஏறக்குறைய 50 நாள் முன்பு தொடங்குகிறது. இனி வானத்துக்கு வருவோம். அந்த நூற்றாண்டில் சிரியஸ் உதயம் கோடையின் மிக நீண்ட பகல் முடிந்து பத்து நாள் கழித்து வந்தது, அதாவது நம் இன்றைய கணக்கில் ஜூலைத் தொடக்கம். அங்கிருந்து 50 நாள் பின்னோக்கிப் போனால் மே நடுப்பகுதி. பெரெத் மூன்றாம் மாதம் என்று கல்வெட்டு சொல்வது, ஏறக்குறைய மே நடுவிலிருந்து ஜூன் நடு வரை. சினாய் மலையில் அந்த மாதத்தில் தோல் சுடாமல் என்ன செய்யும்?

இந்தக் கல்வெட்டில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொரு விஷயம். ஹரூரே குழம்பவே இல்லை. தேதியில் பெரெத் என்று எழுதிவிட்டு, சில வரிகள் தள்ளிக் கோடை என்று எழுதுகிறார். இரண்டும் மோதுகிறதே என்று ஒரு விளக்கமும் தரவில்லை. படிப்பவர்களுக்குப் புரியும் என்று அவருக்குத் தெரியும். தேதியிலிருந்த பருவப் பெயர் அவர்களுக்கு வெறும் பெயராகிவிட்டது. வெயில் எப்போது அடிக்கும் என்று தெரிந்துகொள்ள யாரும் அதைப் பார்க்கவில்லை. லாஹுன் கடிதமும் அதையே காட்டுகிறது: உதயம் எந்தத் தேதியில் வரும் என்று முன்பே சொல்ல முடிந்தது என்றால், தேதி நகர்வது அவர்களுக்கு நன்றாகப் பழகியிருந்தது என்றுதான் பொருள்.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் அரசர்களின் காலத்தையே கண்டுபிடிக்கலாம். எகிப்திய வரலாற்றை ஆராய்கிறவர்கள் இதைத்தான் செய்தார்கள். அதற்கு ஒரு நங்கூரத் தேதி வேண்டும். அதைக் கொடுத்தவர் கி.பி. 238இல் எழுதிய சென்சோரினஸ் என்ற ரோமானியர். கி.பி. 139இல் எகிப்திய ஆண்டின் முதல் நாளும் சிரியஸ் உதயமும் ஒரே நாளில் வந்தன என்று அவர் எழுத்திலிருந்து தெரிகிறது. அது ஜூலை 20. அன்டோனினஸ் பயஸ் பேரரசரின் இரண்டாம் ஆட்சியாண்டில் அலெக்சாண்டிரியாவில் அடித்த நாணயங்களில் ஃபீனிக்ஸ் பறவை பொறிக்கப்பட்டிருக்கிறது. அதுவும் இதே ஆண்டுதான். சுற்று புதிதாகத் தொடங்குவதை நாணயம் அடித்தே கொண்டாடியிருக்கிறார்கள்.

கி.பி. 139இலிருந்து 1460 ஆண்டு பின்னால் போனால் கி.மு. 1322ஐ ஒட்டி வருவோம். அதுதான் முந்தைய சேர்க்கை. இப்போது லாஹுன் தேதி: பெரெத் நான்காம் மாதம் 16 என்பது ஆண்டின் 226ஆம் நாள். சிரியஸ் உதயம் அங்கிருந்து அடுத்த ஆண்டின் முதல் நாளை எட்ட 140 நாள் நகர வேண்டும். நாளுக்கு நான்கு ஆண்டு, ஆக 560 ஆண்டு. கி.மு. 1322க்கு 560 ஆண்டு முன்பு என்றால் கி.மு. 1882. நுட்பமான திருத்தங்களோடு பலர் இதை கி.மு. 1872 அல்லது அதையொட்டி வைக்கிறார்கள். நாம் ஒரு காகிதத்தில் போட்ட கணக்கு பத்தே ஆண்டுதான் தள்ளியிருக்கிறது.

ஆனால் இந்த முறைக்கு எல்லை உண்டு. தேதியில் ஒரு நாள் தவறினால் விடையில் நான்கு ஆண்டு தவறும். அடிவானத்தில் புழுதி இருந்து ஒரு நாள் தாமதமாகப் பார்த்தாலே போதும். அதைவிடப் பெரிய சிக்கல், எந்த ஊரிலிருந்து பார்த்தார்கள் என்பது. சிரியஸ் தெற்கே போகப்போக முன்னதாகத் தெரியும், அட்சரேகையில் ஒரு பாகைக்கு ஏறக்குறைய ஒரு நாள். முதலாம் அமென்ஹோதெப்பின் 9ஆம் ஆண்டில் ஷெமு மூன்றாம் மாதம் 9ஆம் நாள் உதயம் என்று ஏபெர்ஸ் பாப்பிரஸ் என்ற மருத்துவச் சுவடியில் ஒரு குறிப்பு இருக்கிறது. வடக்கே மெம்ஃபிஸில் பார்த்தார்கள் என்றால் ஒரு விடை, தெற்கே தீப்ஸில் பார்த்தார்கள் என்றால் அதிலிருந்து சுமார் இருபது ஆண்டு தள்ளி இன்னொரு விடை. பார்த்த ஊரைச் சுவடி சொல்லவில்லை. எகிப்திய அரசர்களின் ஆண்டுகள் புத்தகத்துக்குப் புத்தகம் சற்று மாறியிருப்பதற்கு இது ஒரு காரணம்.

நகர்வைப் பற்றி எழுதுகிறவர்கள் அடிக்கடி காட்டும் ஒரு சான்று உண்டு, அதையும் சோதித்துப் பார்த்துவிடலாம். சுமார் கி.மு. 1200இல் எழுதப்பட்ட அனஸ்தாசி சுவடி ஒன்றில் அமுன் தெய்வத்திடம் ஒருவர் முறையிடுகிறார். கெட்ட ஆண்டிலிருந்து என்னைக் காப்பாற்று, கோடையில் குளிர்காலம் வந்துவிட்டது, மாதங்கள் தலைகீழாகிவிட்டன என்கிறார். படித்தவுடன் நாட்காட்டி நகர்ந்ததைத்தான் சொல்கிறார் என்று தோன்றும். கணக்கைப் போடுங்கள். கி.மு. 1322ஐ ஒட்டித்தான் பெயரும் பருவமும் ஒன்றுசேர்ந்தன. அங்கிருந்து 120 ஆண்டில் பிசகு ஒரே ஒரு மாதம். எகிப்திய வரலாற்றிலேயே நாட்காட்டி பருவத்தோடு ஓரளவு பொருந்தியிருந்த அபூர்வமான காலம் அது! ஆகவே அந்த முறையீடு உலகம் தாறுமாறாகிவிட்டது என்று புலம்பும் கவிதை வழக்காகத்தான் இருக்க வேண்டும். அதே சொற்கள் ஹரூரே காலத்தில் எழுதப்பட்டிருந்தால் கதை வேறு.

சரி, நகர்வது தெரியும், எவ்வளவு என்பதும் தெரியும். ஏன் சரிசெய்யவில்லை? ஒரு மனிதரின் வாழ்நாளிலிருந்து யோசித்தால் பாதி பதில் கிடைத்துவிடும். அறுபது வயது வாழ்ந்தவர் பார்க்கும் மொத்த நகர்வு 15 நாள். நைல் வெள்ளமோ ஓர் ஆண்டு சீக்கிரம் வரும், மறு ஆண்டு சில வாரம் தாமதிக்கும். அந்த ஏற்ற இறக்கத்துக்குள் 15 நாள் காணாமல் போய்விடும். விவசாயிக்கு விதைக்கும் நாளை நாட்காட்டி சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் வடிந்து சேறு தெரிந்ததும் அவருக்கே தெரியும்.

மீதிப் பதில் எழுத்தர்களின் கையில் இருக்கிறது. ரேஷன் கணக்கு, கோயில் ஊழியர்களின் முறை மாற்றம், வரி என்று எல்லாவற்றையும் நாள் எண்ணித்தான் நடத்தினார்கள். எல்லா மாதமும் 30, எல்லா ஆண்டும் 365 என்றால் அந்தக் கணக்கில் தகராறுக்கே இடமில்லை. அந்தக் காலத்து பாபிலோனிலும் கிரேக்க நகரங்களிலும் நிலாவைப் பார்த்து மாதம் வைத்தார்கள், அவ்வப்போது ஒரு மாதத்தைச் சேர்த்தார்கள். எகிப்திய எழுத்தருக்கு அந்தத் தொல்லை இல்லை. முந்நூறு ஆண்டுக்கு முந்தைய ஒரு தேதிக்கும் இன்றைக்கும் எத்தனை நாள் என்று பெருக்கிக் கூட்டிச் சொல்லிவிடுவார். பருவத்தோடு ஒட்டாத ஒரு நாட்காட்டியை மூவாயிரம் ஆண்டு வைத்துக்கொண்டிருந்தது அவர்களின் கவனக்குறைவு என்று நான் நினைக்கவில்லை. நாளை எண்ணுவதற்கு அதைவிட நல்ல கருவி பழைய உலகில் இருந்ததில்லை.

திருவிழாக்களுக்குத்தான் சிக்கல். நிலாவைப் பார்த்து வைத்த விழாக்கள் சில தனியாக இருந்தன. ஆனால் பல விழாக்கள் நாட்காட்டித் தேதியில் கட்டப்பட்டிருந்தன, அவை பருவங்களினூடே அலைந்தன. கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் கெமினஸ் என்ற கிரேக்க வானியல் எழுத்தாளர் இதற்கு அழகான எடுத்துக்காட்டு தருகிறார். இசிஸ் விழா குளிர்காலத்தின் மிகக் குறுகிய பகலன்று வருகிறது என்று கிரேக்கர்கள் நம்பிக்கொண்டிருந்தார்களாம். அது 120 ஆண்டுக்கு முன்பு உண்மை, இப்போது ஒரு முழு மாதம் விலகியிருக்கிறது என்று அவர் திருத்துகிறார். நாம் மேலே பார்த்த அதே கணக்கு. விழாக்கள் எல்லாப் பருவத்தையும் தொட்டு வர வேண்டும் என்று எகிப்தியர்கள் விரும்பியே இப்படி வைத்திருந்தார்கள் என்றும் அவர் சொல்கிறார். அர்ச்சகர்களில் ஒரு பகுதியாவது அப்படி நினைத்திருக்கலாம்.

எல்லோரும் அப்படி நினைக்கவில்லை என்பதற்கும் சான்று இருக்கிறது. கி.மு. 238 மார்ச்சில், மூன்றாம் தாலமி அரசனின் ஆட்சியில், அலெக்சாண்டிரியாவுக்கு அருகே கனோபஸ் என்ற ஊரில் எகிப்திய அர்ச்சகர்கள் கூடி ஓர் ஆணை பிறப்பித்தார்கள். அதை ஹைரோகிளிஃப், டெமோட்டிக், கிரேக்கம் என்று மூன்று எழுத்திலும் கல்லில் வெட்டினார்கள். டானிஸ் என்ற ஊரில் அதன் ஒரு பிரதியை 1866இல் லெப்சியஸ் என்ற ஜெர்மன் ஆய்வாளர் கண்டெடுத்தார். சிரியஸ் உதயம் நான்கு ஆண்டுக்கு ஒரு நாள் நகர்வதால், குளிர்காலத்து விழா ஒருநாள் கோடையில் வந்து நிற்கும், முன்பு அப்படி நடந்தும் இருக்கிறது என்று ஆணை விளக்குகிறது. அதைத் தடுக்க, நான்கு ஆண்டுக்கு ஒருமுறை கடைசி ஐந்து நாளோடு ஆறாவதாக ஒரு நாளைச் சேர்த்து, அதை அரச தம்பதியின் விழாவாகக் கொண்டாட வேண்டும் என்கிறது. நமக்குத் தெரிந்த நெட்டாண்டு முறையே தான். ஜூலியஸ் சீசர் ரோமில் அதைக் கொண்டுவருவதற்கு இரு நூற்றாண்டு முன்பே எகிப்தில் அது கல்லில் எழுதப்பட்டுவிட்டது.

ஆனால் யாரும் அதைப் பின்பற்றவில்லை. பிற்காலத்துப் பாப்பிரஸ் ஆவணங்களைப் பார்த்தால் பழைய 365 அப்படியே தொடர்கிறது. இதையும் நாம் சரிபார்க்கலாம். கனோபஸ் ஆணையின் காலத்தில் எகிப்திய ஆண்டின் முதல் நாள் ஜூலியன் கணக்கில் அக்டோபர் 22. அகஸ்டஸ் கி.மு. 30இல் எகிப்தைப் பிடித்து, சில ஆண்டுகளில் நெட்டாண்டைப் புகுத்தியபோது அந்த முதல் நாள் ஆகஸ்ட் 29இல் நின்றது. இடையே 54 நாள். நான்கால் பெருக்கினால் 216 ஆண்டு, இரண்டு நிகழ்வுக்கும் இடைப்பட்ட காலம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதாவது அந்த இரு நூற்றாண்டில் ஒரு நெட்டாண்டு கூட வரவில்லை.

அகஸ்டஸின் திருத்தத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாட்காட்டியைப் பழைய இடத்துக்கு, சிரியஸ் உதயத்துக்குக் கொண்டுபோய் வைக்கவில்லை. அன்றைக்கு எங்கே இருந்ததோ அங்கேயே ஆணி அடித்துவிட்டார்கள். அந்த நாட்காட்டி இன்றும் உயிரோடு இருக்கிறது. எகிப்தின் கோப்திக் கிறிஸ்தவர்களும் எத்தியோப்பியர்களும் 30 நாள் மாதம் 12, கடைசியில் ஐந்து அல்லது ஆறு நாள் என்றுதான் இன்றும் எண்ணுகிறார்கள். அவர்களுடைய புத்தாண்டு பெரும்பாலான ஆண்டுகளில் நம் செப்டம்பர் 11. பழைய ஜூலியன் கணக்கின் ஆகஸ்ட் 29 இப்போது அந்த நாளில்தான் விழுகிறது.

அலையும் ஆண்டும் உடனே மறைந்துவிடவில்லை. அதைக் கடைசிவரை விடாமல் பிடித்திருந்தவர்கள் வானியலாளர்கள். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவில் இருந்த தாலமி என்ற வானியலாளர் தன் ‘அல்மகெஸ்ட்’ நூலில், பாபிலோனில் பார்க்கப்பட்ட இரண்டு சந்திர கிரகணங்களை எடுத்துக்கொள்கிறார். ஒன்று கி.மு. 721இல், அடுத்தது மறு ஆண்டில். முதலாவது எகிப்தியத் தேதியில், ஆண்டின் முதல் மாதமான தோத் மாதம் 29ஆம் நாள் இரவு, இரண்டாவது அடுத்த ஆண்டு தோத் 18ஆம் நாள் இரவு. இடைவெளியைக் கண்டுபிடிக்க அவர் செய்ய வேண்டியது ஒரே ஒரு கழித்தல்: 365இலிருந்து 11 போனால் 354 நாள். மணிக்கணக்கை மட்டும் அதற்கு மேல் சேர்த்தார். அந்த ஆண்டில் நெட்டாண்டு நாள் வந்ததா, எந்த மாதத்துக்கு எத்தனை நாள் என்ற கேள்வியே எழவில்லை. 1543இல் அச்சான தன் நூலில் கோபர்நிக்கஸும் கோள்களின் அட்டவணைகளை இதே 365 நாள் எகிப்திய ஆண்டில்தான் போட்டிருக்கிறார்.